எல்லாத் தலைப்புக்கும் ஆறு சதவீதமா?

"சார், போன தடவை மாதிரியே எல்லாத்துக்கும் ஆறு பெர்சென்ட் போட்டு இழுத்துட்டேன். மொத்தம் சரியா வருதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

திண்டுக்கல் பக்கத்தில் குழந்தைகள் இல்லம் ஒன்றை நடத்தும் நிர்வாகி அம்மா, நவம்பர் மாத மாலையொன்றில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிச் சொன்ன வார்த்தைகள் இவை. இல்லத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளை, 2026 ஏப்ரலில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கான பட்ஜெட்டைக் கேட்டிருந்தது. எக்செல்லில் ஒரு கட்டத்தில் சூத்திரத்தை எழுதி, அதன் மூலையைப் பிடித்து வலது பக்கம் இழுத்தால் மூன்று ஆண்டுக் கணக்கும் மூன்று நொடியில் நிரம்பிவிடும். அப்படித்தான் நிரம்பியிருந்தது.

டிரஸ்ட்களுக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். இந்த ஆறு சதவீதத்தை எத்தனையோ பட்ஜெட்களில் பார்த்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. என் ஊகம் என்னவென்றால், ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நகர இடம் உண்டு. அந்த மேல் எல்லையைப் பிடித்துக்கொண்டால் தப்பில்லை என்று யாரோ ஓர் ஆடிட்டர் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

இல்லத்தின் கணக்கைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களை முழுதாக்கியிருக்கிறேன். அறுபது குழந்தைகள், பதினான்கு பணியாளர்கள். சம்பளம் மாதம் 2 லட்சம், ஆண்டுக்கு 24 லட்சம். சாப்பாட்டுக்கு 14 லட்சம். வாடகை மாதம் 50,000, ஆண்டுக்கு 6 லட்சம். வேனுக்கு டீசல், அடுப்புக்கு சிலிண்டர் இரண்டும் சேர்த்து 4 லட்சம். மொத்தம் 48 லட்சம். ஆறு சதவீதம் போட்டு இழுத்தால் முதலாண்டு 50.88 லட்சம், இரண்டாமாண்டு 53.93, மூன்றாமாண்டு 57.17 என்று வரும்.

"மொத்தம் சரியாத்தான் இருக்கும்மா. ஆனா உள்ளே உள்ள நாலு வரியும் தப்பு" என்றேன். அவர் நம்பவில்லை. நான்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட உட்கார்ந்தோம்.

முதலில் இந்த "பணவீக்கம்" எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மாதாமாதம் செய்தியில் வரும் சதவீதம் நுகர்வோர் விலைக் குறியீட்டிலிருந்து கிடைப்பது. ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் போட்டு, அந்தக் கூடையின் விலை போன ஆண்டு இதே மாதத்தைவிட எவ்வளவு ஏறியது என்று சொல்கிறார்கள். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் உணவு, பானங்களுக்கு மட்டும் ஏறத்தாழ 46 சதவீத எடை இருந்தது. நம் இல்லத்திலோ சாப்பாட்டுச் செலவு மொத்தத்தில் 29 சதவீதம்தான். இல்லத்தின் செலவில் பாதி சம்பளம். அது அந்தக் கூடையிலேயே கிடையாது, ஏனென்றால் குடும்பம் சம்பளத்தை வாங்குகிறது, கொடுப்பதில்லை. வாடகை அந்தத் தொடரின் நகர்ப்புறக் கணக்கில் இருந்தது, கிராமப்புறக் கணக்கில் இல்லை. அந்தத் தொடரின் "எரிபொருள், விளக்கு" என்ற தலைப்பைப் பார்த்து டீசலுக்கு அந்த விகிதத்தைப் போட்டவர்கள் உண்டு. அந்தத் தலைப்பில் இருந்தவை மின்சாரம், சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய், விறகு போன்றவை. வண்டிக்குப் போடும் பெட்ரோலும் டீசலும் போக்குவரத்துத் தலைப்பில் இருந்தன. ஆக, டிவியில் சொல்லும் சதவீதம் பொய்யல்ல. ஆனால் அது வேறொரு வீட்டின் கணக்கு.

சம்பளத்தில் தொடங்கினோம். சம்பளம் விலைவாசியைப் போலத் தானாக ஏறுவதில்லை, யாரோ முடிவெடுத்து ஏற்றுகிறார்கள். அதனால் சம்பள விகிதத்தைத் தேடவேண்டிய இடம் செய்தித்தாள் அல்ல, இல்லத்தின் பழைய சம்பளப் பதிவேடு. ஐந்தாண்டுப் பதிவேட்டைப் புரட்டினால், இன்கிரிமென்ட் கொடுத்த ஆண்டுகளில் எட்டு சதவீதம் கொடுத்திருப்பது தெரிந்தது. அதற்குக் குறைத்தால் வார்டன்களும் சமையல்காரர்களும் பக்கத்து மில்லுக்குப் போய்விடுகிறார்கள் என்றார் அம்மா. இதற்குக் கீழே ஒரு தரையும் இருக்கிறது: தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் பஞ்சப்படி, சென்னை விலைக் குறியீட்டை வைத்து ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் தேதியில் மாறுகிறது. நீங்கள் கொடுக்கும் சம்பளம் அந்தத் தரைக்கு அருகில் இருந்தால், உங்கள் முடிவுக்குக் காத்திராமலே அது ஏறும்.

சரி, எட்டு சதவீதம். எந்த மாதத்திலிருந்து? இல்லத்தில் இன்கிரிமென்ட் ஜூலையில். அப்படியென்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம் பழைய சம்பளம், மீதி ஒன்பது மாதம் புதிய சம்பளம். எக்செல்லில் இப்படி எழுதலாம். B2 என்பது மார்ச் மாதச் சம்பளம், F2 என்பது விகிதம்:

```
=B2*(3+9*(1+$F$2))
```

போட்டுப் பார்த்தால் முதலாண்டுச் சம்பளம் 25.44 லட்சம். ஆறு சதவீதத்தில் இழுத்தபோது வந்ததும் அதே 25.44 லட்சம். அம்மா சிரித்துவிட்டார். "பார்த்தீங்களா, ஆறே போதும்!"

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எட்டு சதவீத உயர்வு பன்னிரண்டில் ஒன்பது மாதத்துக்கு மட்டும் வருவதால், முதலாண்டில் அது ஆறு சதவீதமாகத் தெரிகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தச் சலுகை கிடையாது. ஜூனில் வாங்கும் சம்பளமே ஏற்கெனவே ஏறிய சம்பளம். அதன் மேல் ஜூலையில் இன்னொரு எட்டு. இரண்டாமாண்டு 27.48 லட்சம், மூன்றாமாண்டு 29.67 லட்சம். ஆறு சதவீதக் கணக்கில் இருப்பவை 26.97-ம் 28.58-ம். மூன்றாமாண்டில் மட்டும் சம்பளத் தலைப்பில் ஏறக்குறைய 1,09,000 ரூபாய் துண்டு விழுகிறது.

சம்பளத்தின் வாலில் இன்னொன்று தொங்குகிறது: கிராஜுவிட்டி. அதற்கு எந்தச் சதவீதத்தையும் போட்டு இழுக்க முடியாது. ஓர் ஆண்டு சேவைக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஒரு மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். கணக்குக்கு எடுக்க வேண்டியது கடைசியாக வாங்கிய சம்பளம். "கடைசியாக" என்ற சொல்லில்தான் வினை இருக்கிறது. இன்கிரிமென்ட் கொடுக்கும்போது, அந்த உயர்வு கடந்துபோன ஆண்டுகள் அனைத்துக்கும் பின்னோக்கிப் பாய்கிறது. பத்தாண்டாக இருக்கும் சமையல்கார அம்மாவுக்கு 12,000 ரூபாய் என்றால், இன்று அவருக்குச் சேர வேண்டியது 69,231 ரூபாய். மூன்று ஆண்டு, மூன்று இன்கிரிமென்ட் கழித்து அவர் வாங்குவது சுமார் 15,117. சேவை பதின்மூன்று ஆண்டு. சேர வேண்டியது 1,13,374 ரூபாய். சம்பளம் 26 சதவீதம் ஏறியது, கிராஜுவிட்டி 64 சதவீதம் ஏறியது. இதை நான் தனிச் சீட்டில் ஆள்வாரியாகப் போடுவேன், சம்பள வரியோடு கலக்க மாட்டேன். நம் 48 லட்சத்திலும் அது சேரவில்லை.

அடுத்தது சாப்பாடு. இது சம்பளத்துக்கு நேர் எதிர். இங்கே யாரும் முடிவெடுப்பதில்லை. மழையும் வெயிலும்தான் முடிவெடுக்கின்றன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதும், சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றதும் நினைவிருக்கும். அந்த மாதம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதம். 2024 அக்டோபரில் 10.87. ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரில், மைனஸ் 5.02. அதாவது போன ஆண்டைவிட விலை குறைந்திருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பட்ஜெட் எழுதும் மாதத்தில் வெளியான விகிதத்தை எடுத்து மூன்று ஆண்டுக்கும் போடுகிறவர் 2024 நவம்பரில் உட்கார்ந்திருந்தால், இல்லத்தின் 14 லட்சம் மூன்றாமாண்டில் 19 லட்சமாகியிருக்கும். அதே ஆள் 2025 நவம்பரில் உட்கார்ந்தால் 12 லட்சமாகச் சுருங்கியிருக்கும். ஒரே சமையலறை, ஒரே அறுபது குழந்தைகள், 7 லட்ச ரூபாய் வித்தியாசம். உணவுக்குக் கடைசி மாத விகிதம் உதவாது. பல ஆண்டுச் சராசரிதான் உதவும். நாங்கள் ஐந்து சதவீதம் போட்டோம்.

விகிதத்தைவிட எனக்குப் பயம் தரும் விஷயம் அடிப்படை எண். விலை மலிந்திருந்த காலத்தில் வாங்கிய மளிகைப் பில்லை வைத்து "இந்த ஆண்டுச் செலவு" என்று தொடங்கினால், அதன் மேல் எவ்வளவு நியாயமான சதவீதம் போட்டாலும் மூன்று ஆண்டும் பள்ளத்திலேயே ஓடும். அதனால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, ஒரு குழந்தைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று போகச் சொன்னேன். விடுமுறைக்கு ஊர் போகும் நாள்களைக் கழித்தால், அறுபது குழந்தைகளுக்கு ஆண்டில் சுமார் 20,000 சாப்பாட்டு நாள்கள். 14 லட்சத்தை வகுத்தால் நாளொன்றுக்கு 70 ரூபாய். முந்தைய ஆண்டுகளின் பில்களிலும் இதே வகுத்தலைச் செய்து பார்த்தோம். அவற்றோடு வைத்துப் பார்க்கையில் 70 தாழ்வாகத் தெரியவில்லை. அதனால் அப்படியே வைத்துக்கொண்டோம். தாழ்ந்திருந்தால் முதலில் அதைத் தூக்கி நிறுத்தியிருப்போம், பிறகுதான் ஐந்து சதவீதம். ஐந்து ஏறினால் முதலாண்டில் 73 ரூபாய் 50 காசு, தொகை 14.70 லட்சம், அடுத்து 15.44, பிறகு 16.21.

எரிபொருளுக்கு வந்தோம். "இதுக்காவது ஆறு போடலாமா சார்? டெய்லி ஏறுதே" என்றார் அம்மா. தினமும் ஏறுகிறது என்பது நம் மனதில் பதிந்துபோன எண்ணம். பங்க்கில் நடந்தது வேறு. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து நான்கு மாதத்துக்கு மேல் விலை அசையவில்லை. 2022 மார்ச் 22-இல் தொடங்கி ஏப்ரல் 6 வரை, பதினாறு நாளில் பதினான்கு முறை ஏறி, லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடியது. மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைக்க, சென்னையில் டீசல் 94 ரூபாய் 24 காசுக்கு இறங்கியது. பிறகு 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் அளவுக்குக் குறையும் வரை, இரண்டாண்டுக்கு அருகில் அதே விலை. சமையல் சிலிண்டரும் அப்படித்தான்: 2023 ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாய் குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னொரு 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறியது. அறிவிப்பு வந்தால் அசையும், வராவிட்டால் நிற்கும்.

இப்படிப்பட்ட செலவுக்கு ஆண்டுதோறும் ஐந்தோ ஆறோ சீராகப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. சில ஆண்டுகளில் பூஜ்யம், ஏதோ ஓர் ஆண்டில் ஒரு தாவல் என்றுதான் போடுகிறேன். இல்லத்துக்கு முதலாண்டு ஏற்றம் இல்லை, 4 லட்சம். இரண்டாமாண்டு தொடக்கத்தில் 15 சதவீதத் தாவல், 4.60 லட்சம், மூன்றாமாண்டும் அதுவே. எந்த ஆண்டில் தாவும் என்று எனக்கு ஜோசியம் தெரியாது. ஆனால் தாவும் என்பதை எழுதி வைத்தால், பணம் தருகிறவரோடு அதைப் பற்றி இன்றே பேசலாம். சீரான ஆறு சதவீதத்துக்குள் அது ஒளிந்திருந்தால் பேச வழியில்லை.

வாடகையில் விகிதத்தைத் தேடவே வேண்டியதில்லை. பீரோவில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொன்னேன். மூன்றாண்டு ஒப்பந்தம், 2027 செப்டம்பரோடு முடிகிறது, புதுப்பிக்கும்போது 15 சதவீதம் கூட்டித் தருவதாகக் கையெழுத்து. ஆகவே முதலாண்டு 6 லட்சம், ஒரு பைசா ஏற்றமில்லை. இரண்டாமாண்டில் ஆறு மாதம் 50,000, ஆறு மாதம் 57,500, சேர்த்து 6.45 லட்சம். மூன்றாமாண்டு 6.90 லட்சம். ஆறு சதவீதக் கணக்கு முதலாண்டிலேயே 36,000 ரூபாயை அதிகமாகக் கேட்டிருந்தது. ஒப்பந்தத்தின் நகலை இணைக்கச் சொல்லும் அறக்கட்டளையிடம் அப்படிக் கேட்டால், வாடகையோடு மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வரும்.

நான்கையும் கூட்டினோம். முதலாண்டு 50.14 லட்சம், இரண்டாமாண்டு 53.96, மூன்றாமாண்டு 57.38. மூன்றாண்டுக் கூட்டுத்தொகை 161.48 லட்சம். ஒரே ஆறில் வந்தது 161.98 லட்சம். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து வித்தியாசம் வெறும் ஐம்பதாயிரம். இரண்டாமாண்டில் மூவாயிரம்கூட இல்லை.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இதற்கா மாலை முழுக்க உட்கார வைத்தீர்கள் என்ற கேள்வி இருந்தது.

மூன்றாமாண்டு வரிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஆறு சதவீதக் கணக்கில் சாப்பாட்டுக்கு 47,000 மிச்சம், வாடகைக்கு 25,000 மிச்சம், எரிபொருளுக்கு 16,000 மிச்சம். சம்பளத்துக்கு 1,09,000 பற்றாக்குறை. மொத்தத்தில் துண்டு 21,000 மட்டுமே என்பதால் வெளியே தெரியாது. ஆனால் நன்கொடை ஒப்பந்தங்களில் ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு தலைப்புக்கு விருப்பம்போல மாற்ற முடியாது. குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் போனால் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். நான் பார்த்த சில ஒப்பந்தங்களில் சம்பளத் தலைப்பை ஏற்றவே அனுமதி கிடையாது. வேறொரு சிக்கலும் உண்டு. முதலாண்டில் மிஞ்சும் 74,000 ரூபாயைச் செலவழிக்காத பணமாகக் காட்ட வேண்டும். பல இடங்களில் திருப்பித் தர வேண்டும், அல்லது அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்கள். முதலாண்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்றாமாண்டில் கையேந்தி நிற்பது போன்ற கஷ்டம் இல்லம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொத்தம் ஒத்துப்போனது இந்த இல்லத்தில் மட்டும். செலவில் முக்கால் பங்கு சம்பளமாக உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் மிச்சமாகும் தலைப்புகள் சிறியவை, துண்டு விழும் தலைப்பு பெரியது. அங்கே மொத்தமே காலை வாரிவிடும்.

எக்செல்லில் செய்வது சிரமமில்லை. விகிதங்கள் எல்லாவற்றையும் ஒரு தனிச் சீட்டில் எழுதி, பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி: "ஐந்தாண்டுச் சம்பளப் பதிவேடு", "வாடகை ஒப்பந்தம்". சூத்திரங்கள் அந்தச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும்; சூத்திரத்துக்குள்ளேயே 1.06 என்று எழுதிவிட்டால், பிறகு யார் எங்கே என்ன போட்டார்கள் என்று தேடி மாளாது. 8% என்று போடவேண்டிய கட்டத்தில் வெறும் 8 போட்டால் ஜூலையிலிருந்து மாதச் சம்பளம் ஒன்பது மடங்காகும். அது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். படாதது வேறு: நவம்பரில் விசாரித்த விலையை அப்படியே ஏப்ரல் விலையாக எடுத்துக்கொள்வது. இடையில் ஐந்து மாதம் ஓடிவிடுகிறது.

ஆண்டு நடக்கும்போது விகிதம் தப்பா என்று பார்க்கவும் அந்த 70 ரூபாய்க் கணக்குதான் கை கொடுக்கும். உதாரணத்துக்கு, முதல் ஆறு மாதத்தில் சாப்பாட்டுக்கு 7.35 லட்சம் என்று போட்டிருக்க, 7.80 லட்சம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45,000 ரூபாய் அதிகம். உடனே "விலைவாசி" என்று எழுதிவிடத் தோன்றும். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் 10,000 சாப்பாட்டு நாளுக்குப் பதில் 10,500 நாள் நடந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஆன செலவு 74 ரூபாய் 29 காசு. நாம் போட்டது 73.50. விலை ஏறியதால் வந்தது 8,250 ரூபாய்தான். மீதி 36,750 ரூபாய், கூடுதலாகச் சாப்பிட்ட நாள்களின் கணக்கு. ஐந்து சதவீதம் சரியாகவே இருக்கிறது, குழந்தைகள்தான் அதிகம். அறக்கட்டளைக்கு எழுத வேண்டிய கடிதமே மாறிவிடுகிறது.

லேப்டாப்பை மூடும் நேரத்தில் வாடகை ஒப்பந்தத்தை இன்னொரு முறை வாங்கிப் பார்த்தேன். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 2027 அக்டோபரில் வாடகை 57,500 ஆகும்போது, ஏற்கெனவே கொடுத்திருக்கும் 5 லட்சத்தோடு இன்னும் 75,000 கட்ட வேண்டும். அது செலவு அல்ல, திரும்பி வரும் பணம். அதனால் எந்தத் தலைப்பிலும் இல்லை. ஆனால் அந்த மாதம் கையிலிருந்து போயாக வேண்டும். அம்மா பேனாவை எடுத்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பின்பக்கத்தில் தேதியையும் தொகையையும் எழுதி வைத்தார்.